கியர் பாக்ஸ் மூடியின் பேட்டர்ன்: சுருக்கம் எவ்வளவு, டேப்பர் எந்தப் பக்கம்?

கேள்வி: "சார், ராணிப்பேட்டையில் டேனரி டிரம் ஓட்டும் கியர் பாக்ஸுக்கு மேல்மூடி வார்க்கிறோம். கிரே அயர்ன். டிராயிங்கில் வெளி அளவு 420 × 180, சுவர் 10, உள் உயரம் 200 மி.மீ. உள்ளே 384 விட்டமுள்ள கியர், ஷாஃப்ட் மையத்தில்தான் மூடி பிரிகிறது. எல்லா அளவுக்கும் 1 சதவீதம் கூட்டி மரப் பேட்டர்ன் செய்தோம். வெளியே 1 டிகிரி, உள்ளே 2 டிகிரி டேப்பர். முதல் காஸ்டிங்கில் வாயருகே 420.8 × 180.6 இருக்கிறது, மேல்தட்டருகே 413.8 × 173.6 தான். சுவர் வாயில் 10, மேலே 13.5. ஃபவுண்டரியில் 'சுருக்கம் பத்தவில்லை, 2 சதவீதம் வையுங்கள்' என்கிறார்கள். வைக்கலாமா?"

வைக்காதீர்கள். 2 சதவீதம் வைத்தால் வாயருகே 425, மேல்தட்டருகே 418 என்று வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 7 மி.மீ. வித்தியாசம் அப்படியே நிற்கும். அந்த 7 சுருக்கத்தால் வந்ததில்லை, டேப்பரால் வந்தது. உங்கள் அளவுகளே அதைச் சொல்கின்றன.

நீளம் 420.8இலிருந்து 413.8க்கு இறங்கியிருக்கிறது, 7 குறைவு. அகலம் 180.6இலிருந்து 173.6, அதுவும் 7 குறைவு. இதைச் சுருக்கத்தின் தலையில் போட முடியாது. சுருக்கம் நீளத்தைப் பொறுத்து நடக்கும். 420இல் 7 போயிருந்தால் 180இல் 3 மி.மீ. போயிருக்க வேண்டும். டேப்பருக்கு நீளம், அகலம் பற்றிக் கவலையில்லை, உயரம் மட்டும்தான் கணக்கு. 1 டிகிரிக்கு 100 மி.மீ. உயரத்தில் ஒரு பக்கம் 1.75 மி.மீ. சாயும். 200க்கு 3.5, இரண்டு பக்கமும் சேர்த்து 7. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எந்தக் காஸ்டிங் கைக்கு வந்தாலும் முதலில் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரே உயரத்தில், ஒரு பெரிய அளவும் ஒரு சின்ன அளவும் எடுங்கள். அதே இரண்டையும் இன்னொரு உயரத்தில் எடுங்கள். உயரம் மாறும்போது இரண்டும் ஒரே மி.மீ. குறைந்தால் டேப்பர். ஒரே உயரத்தில் பெரியது அதிகமாகவும் சின்னது கொஞ்சமாகவும் தவறினால் சுருக்கம். வாயில் மட்டும் ஒரு அளவை எடுத்துவிட்டுச் சுருக்கம் எவ்வளவு என்று பேசுவதில்தான் பாதித் தகராறு வருகிறது.

அப்படியானால் உங்கள் சுருக்கம் உண்மையில் எவ்வளவு? வாயருகே உள்ள அளவுகளை வைத்துப் பார்ப்போம். பேட்டர்னில் 424.2, காஸ்டிங்கில் 420.8. குறைந்தது 3.4, அதாவது 0.8 சதவீதம். அகலத்தில் 181.8க்கு 180.6. குறைந்தது 1.2, அதாவது 0.66 சதவீதம். ஒரே காஸ்டிங், ஒரே உலோகம், இரண்டு விதமான சதவீதம். இங்கே பலர் குழம்பிப் போய் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திருத்தப் போய்விடுவார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. மோல்டர் பேட்டர்னை எடுப்பதற்கு முன் தட்டி ஆட்டுவார். அப்போது மணலில் உள்ள குழி எல்லாப் பக்கமும் கொஞ்சம் விரியும். அந்த விரிவுக்கு நீளமும் ஒன்றுதான், அகலமும் ஒன்றுதான், ஏறக்குறைய ஒரே மி.மீ. பெரிய அளவில் அது தெரியாது, சின்ன அளவில் சதவீதத்தையே மாற்றிக் காட்டும். இதைப் பிரித்தெடுக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை எடுத்தால், தட்டியதால் வந்தது இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகும்.

பேட்டர்னில் 424.2 கழித்தல் 181.8, அது 242.4. காஸ்டிங்கில் 420.8 கழித்தல் 180.6, அது 240.2. குறைந்தது 2.2. அதை 242.4ஆல் வகுத்தால் 0.9 சதவீதம். இதுதான் உங்கள் இரும்பின் உண்மையான சுருக்கம். மீதி, 424.2இல் 0.9 சதவீதத்தைக் கழித்தால் 420.4. காஸ்டிங்கில் 420.8 வந்திருப்பதால் 0.4 மி.மீ. தட்டியதால் வந்த விரிவு. அகலத்திலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதே 0.4 வரும்.

கிரே அயர்னுக்கு மீட்டருக்கு 10 மி.மீ., அதாவது 1 சதவீதம் என்பது வழக்கமான தொடக்க எண். 0.8இலிருந்து 1 வரை எங்கேயும் வரலாம். உங்கள் மூடி மாதிரி உள்ளே பெரிய மணல் கட்டி நிற்கும் பெட்டியில், இரும்பு சுருங்கும்போது அந்த மணல் எதிர்த்து நிற்பதால் கொஞ்சம் குறைவாகவே சுருங்கும். 0.9 என்பது ரொம்ப இயல்பான விடை. 2 சதவீதம் என்பது ஸ்டீல் காஸ்டிங்குக்குச் சொல்லும் எண். அலுமினியத்துக்கு 1.3. உங்களிடம் 2 என்று சொன்னவர் ஸ்டீல் வேலை பார்த்துப் பழகியவராக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வித்தியாசக் கணக்கில் 2.2 மி.மீ.தான் மூலதனம். காஸ்டிங்கின் சொரசொரப்பில் அளவு கருவி 0.3 தவறினாலே சதவீதம் 0.12 மாறிவிடும். அதனால் ஒரே ஒரு காஸ்டிங்கை வைத்து முடிவு கட்டாமல், ஒரே பேட்டர்னில் வந்த மூன்று நான்கை அளந்து சராசரி எடுங்கள். இப்போதைக்கு வாயில் 0.8 மி.மீ. கூடுதலாக இருப்பதற்காக நான் பேட்டர்னைத் தொட மாட்டேன். கையால் மோல்டு போடும் வேலையில் அது பெட்டிக்குப் பெட்டி ஊசலாடும் அளவுதான்.

சுருக்கம் முடிந்தது. இனி சுவருக்கு வருவோம், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உங்கள் மூடியின் வாய், மேல் பாக்ஸும் அடி பாக்ஸும் பிரியும் பார்ட்டிங்கில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஜாயின்ட் முகம் கீழே, உடம்பு மேல் பாக்ஸில், உள்ளே உள்ள மணல் அடி பாக்ஸிலிருந்து எழுந்து நிற்கும். ஜாயின்ட் முகம் சுத்தமாக வருவதற்கு இதுதான் நல்ல ஏற்பாடு. மேல் பாக்ஸைத் தூக்கும்போது அது வெளிச்சுவரை விட்டு நழுவ வேண்டும், அதனால் வெளிச்சுவர் வாயில் அகலமாகவும் மேல்தட்டில் குறுகலாகவும் இருக்கும். பிறகு பேட்டர்னைத் தூக்கும்போது அது உள் மணலை விட்டு நழுவ வேண்டும், அதனால் உள் குழியும் வாயில் அகலம், மேல்தட்டில் குறுகல். கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி, சுவரின் இரண்டு முகமும் ஒரே பக்கம் சாய்கின்றன.

இரண்டு முகமும் ஒரே கோணத்தில் சாய்ந்தால் சுவர் தடிமன் மேலிருந்து கீழ்வரை ஒன்றாகவே இருக்கும். கோணம் வேறுபட்டால் அந்த வேறுபாடுதான் தடிமனில் விழும். உங்களுக்கு உள்ளே 2, வெளியே 1. வேறுபாடு 1 டிகிரி, 200 உயரத்துக்கு 3.5 மி.மீ. வாயில் 10 இருந்த சுவர் மேலே 13.5. நீங்கள் அளந்தது அதுவேதான். யாரும் தவறாக அறுக்கவில்லை, பேட்டர்ன் சொன்னபடி வந்திருக்கிறது.

இந்தக் கூடுதல் தடிமனால் நஷ்டம் என்ன? சராசரியாக 1.75 மி.மீ., உள் சுற்றளவு 1120, உயரம் 200. 390 கன செ.மீ. இரும்பு, கிட்டத்தட்ட 2.8 கிலோ. எடைக்குக் காசு வாங்கும் ஃபவுண்டரியில் ஒவ்வொரு மூடிக்கும் இதைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதைவிடப் பெரிய சங்கடம், 13.5 சுவர் 10 மேல்தட்டைச் சந்திக்கும் அந்த மூலை. சுற்றியுள்ளது உறைந்த பிறகும் அந்த மூலை சூடாக இருக்கும், கடைசியில் உறையும், உள்ளே பொசுபொசுவென்று ஓட்டை விழ இடமுண்டு. கியர் ஆயில் கசியும் பெட்டிகளில் பலவற்றை அறுத்துப் பார்த்தால் மூலை இப்படித்தான் இருக்கும்.

சரி, டேப்பர் கொடுத்தால் ஏதோ ஒரு இடத்தில் அளவு மாறித்தான் ஆக வேண்டும். டிராயிங்கில் சுவர் நேராக நிற்கிறது, பேட்டர்னில் சாய்கிறது. டிராயிங் சொல்லும் 420ஐ வாயில் வைப்பதா, மேல்தட்டில் வைப்பதா, நடுவில் வைப்பதா என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். டேப்பரைக் கூட்டும் பக்கம் கொடுப்பது, குறைக்கும் பக்கம் கொடுப்பது, நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் பகிர்வது என்று மூன்று வழி. டிராயிங்கில் "டேப்பர் 1 முதல் 2 டிகிரி" என்று மட்டும் போட்டுவிட்டு எந்தப் பக்கம் என்று எழுதாமல் விட்டால், பேட்டர்ன் செய்பவர் தனக்குத் தோன்றியபடி செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"எங்கும் அளவு தவறக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெளியே 420ஐ எங்கும் தாண்டக் கூடாது, ஏனென்றால் ஃபிளேஞ்ச் போல்ட்டின் தலை சுவரில் இடிக்கும். உள்ளே 400 எங்கும் குறையக் கூடாது, ஏனென்றால் கியர் உரசும். இரண்டு நிபந்தனையும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. வெளிச்சுவர் வாயில்தான் பெரிது, அதனால் அங்கே 420 வைக்க வேண்டும். உள்குழி மேல்தட்டில்தான் சின்னது, அதனால் அங்கே 400 வைக்க வேண்டும். உள்ளே 2 டிகிரி என்றால் அந்த 400 வாய்க்கு வரும்போது இரண்டு பக்கமும் 7, 7 கூடி 414 ஆகிவிடும். வெளியே 420. சுவர் வாயில் 3 மி.மீ.! ஜாயின்ட் ஃபிளேஞ்சோடு சேரும் இடத்தில் 3 மி.மீ. கிரே அயர்ன் சுவர். உலோகம் ஓடி நிரம்பினாலே அதிர்ஷ்டம், நிரம்பினாலும் போல்ட்டை முறுக்கும்போது விரிசல் விடும். இரண்டு நல்ல நிபந்தனைகள் சேர்ந்து சுவரைத் தின்றுவிட்டன. இப்படிப்பட்ட இடத்தில் சுருக்கத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

எந்த நிபந்தனை நிஜம் என்று பார்க்க வேண்டும். போல்ட் தலை வாயருகேதான் இருக்கிறது, அதனால் வெளியே 420ஐ வாயில் பிடிப்பது சரி. உள்ளே கியர் உரசும் என்பது? கியர் வட்டம். மூடி ஷாஃப்ட் மையத்தில் பிரிவதால் கியரின் முழு அகலம், அந்த 384, வாய் மட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. மேலே போகப் போக வட்டம் தானே உள்ளே வளைந்துவிடும். 100 மி.மீ. உயரத்தில் மையத்திலிருந்து கியர் விளிம்பு 164க்கு வந்துவிடும். 2 டிகிரி சாய்ந்த சுவர் அங்கே 196.5இல் நிற்கும். இடைவெளி 32க்கு மேல். அப்படியானால் ஆபத்தான இடம் வாய்க்குச் சற்று மேலே மட்டும்தான். வாயில் இடைவெளி 200 கழித்தல் 192, அதாவது 8. மேலே ஏறும்போது சுவர் மெல்ல உள்ளே வருகிறது, கியரும் வளைந்து விலகுகிறது. கணக்குப் போட்டால் 7 மி.மீ. உயரத்தில்தான் இடைவெளி மிகக் குறைவு, அங்கே 7.9. அதாவது 2 டிகிரியே கொடுத்தாலும் கியருக்குப் போகும் இடம் 0.1 மி.மீ. மட்டும்.

ஆகவே உள்ளேயும் 400ஐ வாயில் பிடித்து, டேப்பரை உள்பக்கமாக விடலாம். நீங்கள் செய்ததும் இதுதான், அது சரி. அகலத்திலும் கியர் முகத்துக்கும் சுவருக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே கியர் பக்கவாட்டு முகம் தட்டையானது, வட்டம் உதவிக்கு வராது. 2 டிகிரிக்கு மேல்தட்டருகே 160 என்பது 146 ஆகிவிடும். பேரிங் உட்காரும் இடங்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, அவை கோருக்கும் போரிங்குக்கும் உட்பட்ட தனிக் கதை.

மிச்சம் இருப்பது கோண வேறுபாடு. உள்ளே 2 டிகிரி தேவைதானா? உள்ளே நிற்கும் மணல் கட்டி நாலு பக்கமும் பேட்டர்னால் சூழப்பட்டது, பேட்டர்னை எடுக்கும்போது உரசி உடையும் ஆபத்து வெளியைவிட அதிகம். அதனால் உள்ளே கூடுதல் டேப்பர் கொடுப்பது பழைய வழக்கம், நியாயமானதும்கூட. வெளியே 1, உள்ளேயும் 1 என்று வைத்தால் சுவர் மேலிருந்து கீழ்வரை 10 என்று அழகாக வரும். ஆனால் 200 ஆழத்தில் மரப் பேட்டர்னை 1 டிகிரியில் கையால் தூக்குவது சிரமம். மணல் மூலைகள் பிய்ந்து வரும், மோல்டர் கோபத்தில் இன்னும் பலமாகத் தட்டுவார். அப்போது குழி விரிந்து வாயில் 420.8 என்பது 422 ஆகும். டேப்பரை மிச்சம் பிடித்து அளவில் விட்டுவிடுவீர்கள். டேப்பர் போதவில்லை என்பதற்கு அடையாளம் இரண்டு: உள் மூலைகளில் மணல் ஒட்டு போட்டதன் தழும்பு காஸ்டிங்கில் தெரியும், அப்புறம் பெட்டிக்குப் பெட்டி வாய் அளவு ஒரே சீராக இராது.

என் யோசனை வெளியே 1, உள்ளே 1.5. வேறுபாடு அரை டிகிரி, 200 உயரத்தில் 1.75. சுவர் வாயில் 10, மேல்தட்டில் 11.7. பேட்டர்னின் உள்முகம் நன்றாக வழவழப்பாக இழைத்து, வார்னிஷோ பெயிண்டோ இரண்டு மூன்று கோட் அடித்து, தூக்குவதற்கு நேராக இரண்டு கொக்கி போட்டுக்கொடுத்தால் 1.5 தாங்கும். பிளேட்டில் மாட்டிய உலோகப் பேட்டர்ன், மெஷின் மோல்டிங் என்றால் இன்னும் குறைக்கலாம். வாயில் 10 என்பதைவிடச் சராசரி 10 முக்கியம் என்று நினைத்தால் உள் அளவை வாயில் 401.7 என்று வைத்து, சுவர் 9.1இலிருந்து 10.9 வரை போகும்படி செய்யலாம். எடை மிச்சம். ஆனால் ஃபிளேஞ்ச் சேரும் இடம் மெலிவது எனக்குப் பிடிக்காது, அதனால் உங்கள் மூடிக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இப்போது பேட்டர்ன் அளவுகளை ஒழுங்காகப் போட்டுவிடுவோம். வரிசை முக்கியம். முதலில் முடிந்த வேலையின் அளவு. அதோடு மெஷினிங் அலவன்ஸ், மெஷினில் ஓடும் முகங்களுக்கு மட்டும். அந்தத் தொகைக்குச் சுருக்கம். கடைசியில் டேப்பர்.

உயரத்தில் மொத்தம் 210, ஜாயின்ட் முகத்துக்கு மெஷினிங் 3, சேர்ந்து 213. 1.01ஆல் பெருக்கினால் 215.1. வெளி நீளம் 420க்கு மெஷினிங் இல்லை, நேராக 424.2. அகலம் 181.8. உள் நீளம் 400க்கு 404, அகலம் 160க்கு 161.6. இவை எல்லாம் வாயில் பிடிக்கும் அளவுகள். சுவர் உயரம் 200 பேட்டர்னில் 202. வெளியே 1 டிகிரிக்கு ஒரு பக்கம் 3.53 சாய வேண்டும், எனவே மேல்தட்டில் வெளி நீளம் 417.1. உள்ளே 1.5 டிகிரிக்கு 5.29, எனவே உள் நீளம் மேலே 393.4.

உள் அளவைக் கூட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? "உள்குழி சுருங்கும்போது சுவர் உள்ளே தடிக்கும், அதனால் உள் அளவைக் குறைக்க வேண்டும்" என்று சிலர் செய்வதுண்டு. காஸ்டிங் முழுவதும் ஒரே விகிதத்தில் சிறுக்கிறது, ஓட்டையும் சிறுக்கிறது. 400 வேண்டுமானால் பேட்டர்னில் 404தான். உள்முகத்தில் மெஷினிங் இருந்தால் மட்டும் அந்த அலவன்ஸுக்காக உள் அளவு குறையும், அதன் மேல் சுருக்கம் கூடும். இரண்டும் எதிர் எதிர்ப் பக்கம் போவதால்தான் குழப்பம்.

சுருக்கத்துக்கு முன் டேப்பரா, பின் டேப்பரா என்றும் கேட்பார்கள். கோணத்தில் கொடுத்தால் வித்தியாசமே இல்லை. எல்லாப் பக்கமும் 1 சதவீதம் பெரிதாக்கினால் கோணம் மாறாது, 1 டிகிரி 1 டிகிரியாகவே இருக்கும். கம்ப்யூட்டரில் மாடல் செய்து ஸ்கேல் 1.01 போடுபவர்களுக்கு இது வசதி. மி.மீ. கணக்கில் கொடுத்தால் மட்டும் எந்த உயரத்துக்கு என்று பார்க்க வேண்டும், 200க்கா 202க்கா என்று. வித்தியாசம் 0.04, மரத்தில் யாருக்கும் கைக்கு எட்டாது.

கைக்கு எட்டும் தவறு வேறொன்று. பேட்டர்ன் ஆசாரிகளிடம் சுருக்க ஸ்கேல் இருக்கும். அதில் 1000 என்று குறித்த இடம் உண்மையில் 1010 மி.மீ. தூரத்தில் இருக்கும். அலுவலகத்தில் 424.2 என்று பெருக்கி எழுதிக்கொடுத்து, அவர் அதைச் சுருக்க ஸ்கேலில் அளந்து செய்தால் 428.4 ஆகிவிடும். காஸ்டிங் 4 மி.மீ. பெரிதாக வரும், யாருக்கும் காரணம் புரியாது. டிராயிங் அளவைக் கொடுத்துச் சுருக்க ஸ்கேலில் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெருக்கிய அளவைக் கொடுத்துச் சாதா ஸ்கேலில் செய்யச் சொல்லுங்கள். எது என்று பேட்டர்ன் டிராயிங்கின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்து மே மாத வெயிலில் செய்த தேக்குப் பேட்டர்னை நவம்பர் மழையில் அளந்தால், நரம்புக்குக் குறுக்கே 200 மி.மீ. பலகை 1 மி.மீ.க்கு மேல் பெருத்திருக்கும். நரம்போடு நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. நீங்கள் சுருக்கத்தில் 0.1 சதவீதத்துக்காகச் சண்டை போடுகிறீர்கள், பலகை சத்தமில்லாமல் அரை சதவீதம் மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் சுருக்கத்தைக் கணக்கிடும்போது பேட்டர்ன் டிராயிங்கில் உள்ள 424.2ஐ நம்பாமல், மோல்டு போடும் நாளிலேயே பேட்டர்னை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மேல்தட்டில் விறைப்புக்கு ரிப் இருந்தால் அங்கே கணக்கு தலைகீழ். ரிப்பின் இரண்டு முகமும் எதிர் எதிராகச் சாயும், நுனி மெலிதாக, அடி தடிப்பாக. கோணங்கள் கழியாது, கூடும். நுனியில் 8 மி.மீ., உயரம் 60, பக்கத்துக்கு 2 டிகிரி என்றால் அடியில் 12.2. மேல்தட்டு 10தான், அதைவிட ரிப்பின் அடி தடிப்பு. அங்கே மேல்தட்டின் வெளிப்பக்கம் சின்னப் பள்ளம் விழுந்திருந்தால் அதற்குக் காரணம் இதுதான். ரிப்புக்கு 1 டிகிரி போதும், உயரம் குறைவு.

இருக்கும் பேட்டர்னை வீசிவிட வேண்டாம். உங்கள் திருத்தம் மரத்தைச் செதுக்கும் பக்கம் இருப்பது நல்ல காலம். உள்ளே 2 டிகிரி 1.5 ஆக வேண்டுமானால் வாயில் ஒன்றும் எடுக்கக் கூடாது, மேலே போகப் போக அதிகமாகி மேல்தட்டருகே ஒரு பக்கம் 1.76 மி.மீ. எடுக்க வேண்டும். ஆழம் 200 என்பதால் இழைப்புளி உள்ளே திரும்பாது, ஸ்கிரேப்பரும் உப்புத்தாளும் ஒட்டிய கட்டையும்தான் வழி. கண்ணால் பார்த்துத் தேய்த்தால் நடுவில் பள்ளம் விழும், பேட்டர்ன் அங்கே மணலைப் பிடித்துக்கொள்ளும். பிளைவுட்டில் 200 உயரத்துக்கு 5.24 சாய்வாக ஒரு டெம்ப்ளேட் அறுத்து, ஜாயின்ட் முகத்தில் வைத்த நேர்கட்டையிலிருந்து உள்ளே இறக்கி, ஒவ்வொரு சுவரிலும் மூன்று இடத்தில் ஒளி தெரிகிறதா என்று பார்த்துத் தேயுங்கள். மூலை வளைவுகளையும் அதே அளவு பின்னுக்குத் தள்ள மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சுவர் 11.7 வந்தும் மூலை பழைய தடிமனிலேயே நிற்கும்.

பெயிண்ட் காய்ந்த பிறகு அடுத்த காஸ்டிங்கை எடுத்து, ரைசர் வெட்டியபின் எடை போடுங்கள். பழையதைவிட ஏறக்குறைய 1.4 கிலோ குறைந்திருக்க வேண்டும். அரைக் கிலோதான் குறைந்தது என்றால் நடுவில் எங்கோ சரியாகத் தேயவில்லை, டெம்ப்ளேட்டை மறுபடி உள்ளே இறக்கிப் பாருங்கள்.